பிறையும் குடையும்: வாழ்த்துமடற் பாவை நகைப்பாவாக மாற்றுதல் குறித்து

பெருநாள் வாழ்த்து மடல்களில் அச்சாகும் பாக்களைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வோர் அரியர். அவை பெருநாளுக்குச் சில நாட்கள் முன்னர் கடைகளில் தொங்கி, தபாலிற் சென்று, சிறிது காலம் கண்ணாடி அலுமாரியில் நின்று, பின்னர் மறைந்து போவன. கைத்தொலைபேசி வந்தபின் அட்டை அருகிவிட்டது. ஆயினும் அட்டையிலிருந்த பா அருகவில்லை. அதே பிறை, அதே ரோசாப்பூ, அதே நான்கடி ஆகியன இன்று படமாக வந்து சேருகின்றன. எனவே அப்பாவை ஆராய்வது மறைந்துபோன ஒன்றை ஆராய்வதாகாது.

இக்கட்டுரை ஆராய முற்படுவது ஒரு சிறு வினாவையே. உணர்ச்சி ததும்பும் மடற்பா ஒன்றை, அன்பு குன்றாத, ஆனால் அன்பென்ற சொல்லை வாயாற் கூறாத, ஈரமற்றது போலத் தோன்றும் நகைப்பாவாக மாற்றுவது எவ்வாறு? மாற்றும்போது எது கைவிடப்படுகிறது, எது காக்கப்படுகிறது? இவ்வினாவை அம்பாறை மாவட்டத்தின் இறக்காமம் போன்றதோர் ஊரில் வைத்து நோக்குதல் பயனுடையது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலோரமாக நீளும் ஊர்களுக்கு மேற்கே, குளமும் வயலுமாக அமைந்த ஊர் அது. அன்பைக் கேலியாகப் பேசும் பழக்கம் அப்பகுதி மக்களிடையே நெடுங்காலமாக நிலவுவது. மடற்பா அப்பழக்கத்தைப் புறந்தள்ளிவிட்டுப் பேசுகிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள தூரமே இங்கு ஆராய்ச்சிப் பொருள்.

மடற்பாவின் இயல்பை முதலில் நோக்குவோம். குறிப்பிட்ட அட்டை எதனையும் சுட்டாது, அத்தகைய பாக்களின் பொதுவார்ப்பில் எடுத்துக்காட்டின் பொருட்டு ஒரு பாவை அமைத்துக் கொள்ளலாம்:

வானில் பிறையும் மலர்ந்திடவே
வாழ்வில் இன்பம் பொங்கிடவே
தேனாய் இனிக்கும் நம்முறவு
தேயா தென்றும் நிலைத்திடுமே!

யாப்பு நோக்கில் இப்பாவிற் பெருங்குறை இல்லை. எதுகை உண்டு; மோனை உண்டு; ஓசை தடையின்றிச் செல்கிறது. குறை வேறிடத்திலுள்ளது. இன்பம், தேன், இனிப்பு, உறவு, நிலைத்தல் என நான்கடிக்குள் ஐந்து சொற்கள் ஒரே வேலையைச் செய்கின்றன. அவை உணர்ச்சியைப் பெயர் சொல்லி அழைக்கின்றனவேயன்றி உணர்ச்சி எழுவதற்குரிய பொருள் எதனையும் காட்டவில்லை. மேலும், பிறையை முன்னிறுத்தித் 'தேயாத' உறவைப் பேசுவது தன்னையறியாத முரணாகும். அன்று காணும் பிறை பதினைந்து நாளில் நிறைந்து பின்னர் தேயத் தொடங்குவது. பாடியவர் பிறையைப் பார்த்துப் பாடவில்லை. பிறை என்ற சொல்லைப் பார்த்துப் பாடினார் என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் இப்பாவைப் பழிப்பது எளிது. அது ஏன் இவ்வாறு அமைந்தது என அறிவதே திறனாய்வாகும். 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவருக்காக ஓவியர் ஹோர்ஸ்லி வரைந்த நத்தார் அட்டையே வணிகமுறையில் அச்சிடப்பட்ட முதல் நத்தார் அட்டை எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அதில் பெறுபவர் பெயருக்கும் அனுப்புபவர் பெயருக்கும் வெற்றிடம் விடப்பட்டிருந்தது. அந்த வெற்றிடமே இவ்விலக்கிய வகையின் விதியை வகுத்துவிட்டது எனலாம். யார் பெயரை எழுதினும் பொருந்தவேண்டுமாயின், யாருக்கும் தனித்துரிய எதுவும் பாவில் இருத்தலாகாது. மச்சானுக்கும் மாமிக்கும் ஆசிரியருக்கும் ஒரே பா செல்லவேண்டும். தனித்துரிய செய்தி வெளியேறிய இடத்தை நிரப்புவதற்கே தேனும் மலரும் வந்து சேர்கின்றன. ஆகவே மடற்பாவின் மிகையுணர்ச்சி பாடியவரின் நெஞ்சக் கசிவாற் பிறந்ததன்று; முகவரியின்மையாற் பிறந்தது.

இதற்கு நேர்மாறான மரபொன்று அப்பிரதேசத்திலேயே உண்டு. வயற்காவலிலும் வேளாண்மை வெட்டிலும் வழங்கிவந்த நாட்டார் கவிகளே அவை. பண்டிதர் வீ. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) கிழக்கிலங்கையின் நாட்டார் பாடல்களுக்கு இடமளித்தது. நிந்தவூரைச் சேர்ந்த எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளைத் தேடித் தொகுப்பதிற் பெரிதும் உழைத்தவர். அக்கவிகளிற் பெரும்பாலானவை ஒருவரை விளித்துப் பாடப்பட்டவை. மச்சான் என்றோ மச்சி என்றோ ஒரு விளி இல்லாவிடின் அவற்றுட் பலவற்றுக்கு உயிரில்லை. பெரும்பாலும் நான்கு சிற்றடிகளுள் முன்னிரண்டு கண்முன்னுள்ள ஒரு பொருளைக் காட்ட, பின்னிரண்டு கேட்பவர் மீது ஒரு சொல்லை எறிந்துவிட்டு நின்றுவிடும். மடற்பாவும் நான்கடியே, கவியும் நான்கடியே. ஒன்றை மற்றொன்றாக்குவது இயலுவதற்கு இவ்வடிவ ஒப்புமையே இடந்தருகிறது.

கவியின் விளிக்குப் பின்னால் ஓர் உறவுமுறை இலக்கணம் உள்ளது. மாமன் மக்களாகவும் மாமி மக்களாகவும் அமையும் மச்சான், மச்சினன், மச்சி ஆகியோரிடையே கேலிக்கு உரிமை உண்டு. அவ்வுறவில் கேலி பேசாதிருப்பதே பகையின் அறிகுறியாகக் கொள்ளப்படும். மாமியிடம் மருமகன் அவ்வாறு பேசுதல் ஆகாது. வாப்பாவிடமும் ஆகாது. காக்காவிடம் தம்பி பேசுவதற்கும் எல்லையுண்டு. எனவே நகைப்பா எழுதுவோன் முதலில் தீர்மானிக்கவேண்டியது எதைச் சொல்லிச் சிரிப்பது என்பதை அன்று. யாருக்கு எழுதுவது என்பதையே. மடற்பா விட்டுவைத்த வெற்றிடம் நிரப்பப்படும்போதே மாற்றம் தொடங்குகிறது.

இனி மேற்காட்டிய பாவையே ஒரு மச்சானுக்கு உரியதாக மாற்றிப் பார்க்கலாம். பெறுபவன் இறக்காமத்தில் வயல் செய்பவன் எனவும், அனுப்புபவன் கல்முனைப் பக்கத்தில் வாழ்பவன் எனவும், இருவரும் சில மாதங்களாக ஒருவரையொருவர் காணவில்லை எனவும் கொள்வோம். நகைச்சுவை எழுதப் புகுவோர் பலரிடமும் முதலிற் பிறப்பது இத்தகைய பாவே:

பிறையைப் பார்த்த மறுகணமே
பெருத்த வயிறும் சிரிக்குதடா
கறியும் சோறும் கண்டவுடன்
கடனும் மறந்து போகுமடா!

இது சிரிப்பை வருவிக்கலாம். ஆயினும் இருவகையால் தோல்வியுற்றது. ஒன்று, இதுவும் முகவரியற்றது. பெருத்த வயிறும் பெருநாட் சோறும் எந்த ஊரில் எவருக்கும் பொருந்துவன. தேன் இருந்த இடத்தில் வயிறு வந்தமர்ந்ததேயன்றிப் பா மாறவில்லை. மற்றொன்று, கடன் என்ற சொல். விதைநெல்லுக்கும் பசளைக்கும் உழவு இயந்திரக் கூலிக்கும் முன்கூட்டியே கடன்பட்டு, சூடடித்த பின்னர் நெல்லாலோ பணத்தாலோ தீர்ப்பது வேளாண்மைக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கை. வெள்ளத்தால் ஒரு போகம் பிழைத்தால் கடன் மறு போகத்துக்கும் நீளும். மறந்திருப்பான் என்று கூறப்படும் அக்கடனை அவன் ஒருநாளும் மறந்திரான். எழுதியவன் அறியாது எறிந்த சொல் அங்கே காயமாகிறது. பெறுபவன் தானாக மாற்றிக்கொள்ள இயலாத குறையைத் தொடும் நகை, அன்பின் வேடமிட்டு வரினும் அன்பாகாது.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறும். அவற்றுள் முதலாவது எள்ளல். உரையாசிரியர் அதனைத் தான் பிறரை எள்ளுதல், பிறர் தன்னை எள்ளுதல் என இருதிறமாகவும் கொள்வர். மடற்பாவை மாற்றுவோர் பெரும்பாலும் முன்னதையே அறிந்துள்ளனர். அன்புடைய நகைக்குப் பின்னதும், அதே இயலிற் கூறப்படும் பேதைமையும் பெரிதும் உதவுவன. எழுதுபவன் ஒன்றும் அறியாதவன் போலவும், சிறு பொருளொன்றில் மட்டுமே கருத்துடையவன் போலவும் நடிக்கும்போது நகை பெறுபவன் மீது விழாமல் எழுதுபவன் மீதே திரும்புகிறது.

அச்சிறு பொருள் எது? இருவருக்கு மட்டுமே தெரிந்ததாகவும், நாணத்துக்கு இடந்தராததாகவும், எளிதில் திருத்தக்கதாகவும் அது இருத்தல் வேண்டும். மாரிகாலத்தில் வந்த மச்சான் மழைக்கு ஒரு குடையை இரவலாகக் கொண்டுபோய் இன்னும் திருப்பித் தரவில்லை எனக் கொள்வோம். குடை பெருங்கடனன்று, அதைத் திருப்பாமை குற்றமுமன்று. ஆயினும் அவன் வந்து சென்ற ஒரு நாளை அது நினைவிற் கொண்டுவருகிறது. அக்குடையை வைத்து எழுதத் தொடங்கியவுடன் மற்றொரு தவறு நேர்வதுண்டு:

குடையைக் கொண்டு போனவனே
கொடுக்க மறந்த மச்சானே
பிறையும் கண்டோம், பெருநாளும்
பிறந்த தின்று மச்சானே!

செய்தி யாவும் இதில் உள்ளன. நகை மட்டும் இல்லை. குடை முதலடியிலேயே வந்துவிட்டமையால் பா ஒரு கேட்பாகத் தொடங்கி வாழ்த்தாக முடிகிறது. கடன் கேட்க வந்தவன் வாசலில் நின்று நலம் விசாரித்தது போன்ற நிலை. வாழ்த்து முன்னும் குடை பின்னும் வருதல் வேண்டும். வாழ்த்தை எதிர்பார்த்துப் படித்து வருபவன், வாழ்த்து உச்சத்தை அடையவேண்டிய இடத்திலேயே குடையைச் சந்தித்தல் வேண்டும். மடற்பாவில் நிலைபேறான உறவு நின்ற இடமே அது. ஆகவே வரிசையை மாற்றி இவ்வாறு அமைக்கலாம்:

பிறைகண்டும் ஆச்சு மச்சான்
பெருநாளும் ஆச்சு மச்சான்
குறையென்றால் ஒன்றேதான், கொண்டுபோன
குடையோடு வந்துவிடு மச்சான்!

இங்கு நிகழ்ந்தவற்றை ஒவ்வொன்றாக நோக்கலாம். பிறையும் பெருநாளும் மடற்பாவிலிருந்து எடுத்தாளப்பட்டுள்ளன. ஆனால் மலர்தலும் பொங்குதலும் நீங்கி, 'ஆச்சு' என்ற வறண்ட வினை வந்துள்ளது. நிகழ்ந்ததை நிகழ்ந்தது என்று கூறுவதற்கு மேல் அவ்வினை எதுவும் செய்வதில்லை. அவ்வறட்சி மூன்றாமடிக்குத் தேவையானது. 'குறையென்றால் ஒன்றேதான்' என்றதும் படிப்போன் நெஞ்சில் மடற்பாவின் பழக்கம் விழித்துக்கொள்கிறது. நீ இல்லாத குறையே என்று அடுத்த அடி கூறும் என அவன் எதிர்பார்க்கிறான். கூறப்படுவதோ குடை. எதிர்பார்ப்பு முறிந்த கணத்திற் சிரிப்புப் பிறக்கிறது. ஆனால் குடை தானாக வராது, கொண்டுபோனவன் கொண்டுவரவேண்டும். 'வந்துவிடு' என்ற வினை அதனைச் சொல்லாமற் சொல்லுகிறது. சிரித்து முடித்த பின்னரே, எதிர்பார்த்த பொருளும் பாவிலேயே இருந்தது எனப் படிப்போன் உணர்கிறான். முதலிற் சிரிப்பும் பின்னர் அன்பும் என்ற இவ்வரிசை மாறினால் இரண்டும் கெடும்.

அது கெடும் விதத்தையும் காணலாம். பாடியவர் தம் கருத்து விளங்காது போய்விடுமோ என்று அஞ்சி ஈற்றடியை இவ்வாறு முடித்தால் என்னாகும்?

குறையென்றால் ஒன்றேதான், கொண்டுபோன
குடையல்ல, நீதானே மச்சான்!

ஓசை முன்னையதைவிட இனியது. படிப்போன் ஒருவேளை தலையசைக்கவும் கூடும். ஆனால் பா மீண்டும் அட்டைக்குத் திரும்பிவிட்டது. குடை இப்போது வெறும் அணியாகிவிட்டது. மறைந்திருந்ததை வெளியிட்டமையால் மச்சானுக்குக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. கண்டுபிடிப்பவனே பாவின் மறுபாதியை இயற்றுபவன். விளக்கம் அந்தப் பாதியைப் பறித்துவிடுகிறது. நகைப்பா சரியாக அமைந்ததா என அறிய எளிய சோதனையொன்று உண்டு: ஈற்றடிக்குப் பின் 'அதாவது' என்று ஒரு வாக்கியம் சேர்க்கத் தோன்றுமாயின், பா இன்னும் முற்றுப்பெறவில்லை, அவ்வாக்கியம் ஏற்கெனவே பாவினுள் புகுந்திருக்குமாயின், பா அளவுக்கு மீறி முற்றிவிட்டது.

தண்டியலங்காரத்திற் கூறப்படும் புகழாப்புகழ்ச்சி அணி இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. பழிப்பது போன்ற மொழியால் மேன்மை தோன்றச் செய்வது அவ்வணி. குடைப்பாவில் வெளிப்படையான புகழ்ச்சி இல்லையாயினும் செயல்முறை அதுவே: குறைகூறுவது போன்ற மொழியால் வேட்கை தோன்றுகிறது. ஆகவே இம்மாற்றம் மேனாட்டு நகைச்சுவை மடல்களைக் கண்டு பிறந்த புதுமை என எண்ணுதல் வேண்டா. அமெரிக்காவின் ஹோல்மார்க் நிறுவனம் 1986இல் 'ஷூபொக்ஸ்' என்ற பெயரில் கேலி மடல்களுக்கெனத் தனிவரிசை தொடங்கியது உண்மையே. ஆயினும் கடையில் விற்கப்படும் கேலிக்கும் அதே வெற்றிடம் உண்டு. வயது முதிர்வும் உடற்பருமனும் மறதியுமே பெரும்பாலும் அத்தகைய மடல்களின் பொருளாக நேர்வதற்குக் காரணம், அவை எவருக்கும் பொருந்துவன என்பதே. குடையை அச்சிட்டு விற்க இயலாது.

ஈழத்து நவீன கவிதையிலிருந்து ஓர் ஒப்புமையும் இங்கு வேண்டற்பாலது. மஹாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) ஆங்கிலத்தின் ஐந்தடி நகைப்பாவைத் தமிழ் யாப்புக்கு இசைவித்து, 1966இல் 'குறும்பா' என்ற நூலாக வெளியிட்டார். மஹாகவியின் ஆக்கங்களைப் பதிப்பித்தும் ஆய்ந்தும் வாசகர்முன் வைத்தவருள் முதன்மையானவர் கல்முனைக்குடியைச் சேர்ந்த எம். ஏ. நுஃமான் ஆவார். குறும்பாவில் முதலிரண்டடியும் ஈற்றடியும் ஓரொலியில் முடிய, இடையிலுள்ள இரு குற்றடிகள் விரைந்து சென்று ஈற்றடியை ஏவிவிடும். திருப்பத்தை ஈற்றடி வரை காத்துவைக்கும் கலையை மடற்பா எழுதுவோர் அதிலிருந்து கற்கலாம். ஆனால் ஒரு வேறுபாடு மறக்கத்தக்கதன்று. குறும்பா ஒருவனைப் பற்றி ஊருக்குச் சொல்லுவது. அவன் பெரும்பாலும் கற்பனை மாந்தன். மடற்பா ஒருவனிடமே நேரிற் சொல்லுவது. அவன் அதனைக் கையிற் பிடித்துப் படிப்பவன். படர்க்கையில் கூர்மையாக நிற்கும் சொல் முன்னிலையிற் குத்தும். ஆகவே குறும்பாவின் திருப்பத்தைக் கடன்வாங்கலாம். அதன் கூர்மையை முழுவதும் வாங்கலாகாது.

காலமும் பாவின் பொருளை மாற்றும். பிறைக்கணக்கின்படி பெருநாள் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பதினொரு நாள் முந்தி வருவது. 1999 முதல் 2007 வரை நோன்புப் பெருநாள் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே, அதாவது கிழக்கிலங்கையின் மாரிகாலத்தில் வந்தது. அந்நாளில் குடையைக் கேட்பது உண்மையான கேட்பாகவும் இருந்திருக்கலாம். பா தன் இருபொருளுள் ஒன்றிற் சாய்ந்துவிடும். 2025இலும் 2026இலும் அது மார்ச்சு மாதத்தில், மழை ஓய்ந்து மாரி வேளாண்மை வெட்டி முடியும் வேளையில் வந்தது. வெயிற்காலத்தின் வாசலில் ஒருவன் மழைக்குடையை அவசரமாகக் கேட்பானாயின், அது சாக்கு என்பது உடனே விளங்கும். குடைக்குத் தேவை குறையக் குறைய மச்சானுக்குத் தேவை தெளிவாகிறது. பா நன்கு பலிப்பது மழையில்லாத பெருநாளிலேயே என்பது சுவையான உண்மை.

இனி, உறவு மாறும்போது உத்தியும் மாறவேண்டும் என்பதற்கு மாமியை எடுத்துக்கொள்வோம். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே மணமானபின் ஆண்மகன் பெண்வீட்டுக்குச் சென்று வாழ்வதும், வீடு பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கப்படுவதும் பெருவழக்கு. அக்கரைப்பற்றிற் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே இதனை விரிவாக எழுதியுள்ளார். எனவே மருமகன் மாமியின் வீட்டில் உரிமையுள்ளவனாகவும் விருந்தினனாகவும் ஒருங்கே இருப்பவன். அவருடைய சமையலையோ சிக்கனத்தையோ அவன் கேலி செய்தல் மரியாதைக்கேடு. அவன் கேலி செய்யத்தக்க ஒரே மாந்தன் அவனே. பலகாரத்தை உண்டவன் தானே என்பதை ஒப்புக்கொள்ளாமல் ஒப்புக்கொள்ளும் பா இவ்வாறு அமையலாம்:

பெருநாளின் பலகாரம் மாமி
பெட்டியில் வைத்தீர்கள் மூடி
ஒருபாதி குறைந்ததேன்? மாமி
ஊரிலே பூனைகள் கோடி!

'வைத்தீர்கள்' என்ற பன்மை மரியாதையைக் காக்கிறது. பூனை மீது பழி போடுவது மெய்ப்பாட்டியல் கூறும் பேதைமை. அப்பழியை மாமி நம்பமாட்டார் என்பதை மருமகனும் அறிவான். பெட்டியை மூடும் பூனை எவ்வூரிலும் இல்லை. பலகாரம் நன்றாக இருந்தது என்று நேரே புகழ்ந்தால் அது உபசாரம்; பாதியைக் காணவில்லை என்றால் அது சான்று. அப்புகழ்ச்சியை மறுக்க மாமிக்கு வழியில்லை. மச்சானுக்கு எழுதிய பாவில் எழுதுபவன் சிறு பொருளுக்கு ஆசைப்பட்டவனாக நடித்தான். இதில் குற்றவாளியாகவே நிற்கிறான். உறவில் மரியாதை ஏற ஏற, எழுதுபவன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் அளவும் ஏறவேண்டும் என்பது இவ்விரண்டையும் ஒப்பிடும்போது புலனாகும் விதி.

நகைப்பாவுக்கு எல்லையும் உண்டு. அவ்வாண்டில் மரணம் நிகழ்ந்த வீட்டுக்கு இத்தகைய பா செல்லலாகாது. அங்கே தேய்ந்த சொற்களே தக்கவை. எல்லோரும் கூறும் சொல்லைத் தானும் கூறுவது துக்கத்தில் ஒருவகைத் துணை. மடற்பாவுக்கும் தனக்குரிய இடம் உண்டென்பதை இதனால் ஒப்புக்கொள்ளுதல் நேர்மையாகும். மற்றோர் எல்லை தூரத்தினால் வருவது. எழுபதுகளின் பிற்பகுதி முதல் அம்பாறைக் கரையோர ஊர்களிலிருந்து ஆண்களும் பெண்களும் தொழில் தேடி அரபு நாடுகளுக்குச் சென்று வருகின்றனர். குடைப்பாவிலுள்ள மச்சான் அவ்வாறு சென்றிருப்பானாயின் 'வந்துவிடு' என்ற சொல் என்னாகும்? ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவன் வர இயலாது. இயலாததைக் கேட்பது கேலியன்று. அவன் இயலாமையைச் சுட்டுவது. கடன் என்ற சொல்லிற் கண்ட அதே பிழை இங்கு நல்ல பாவொன்றின் உள்ளிருந்தே பிறக்கிறது. சொல் மாறவில்லை, பெறுபவனின் நிலை மாறியது.

ஆகவே அவனுக்கு வேறொரு பொருள் தேடவேண்டும். அரபு நாடுகளிற் பெருநாள் பல ஆண்டுகளில் இலங்கைக்கு ஒரு நாள் முன்னரே வருவது. ஊரிற் பிறை பார்க்க நிற்கும்போதே அங்குள்ளவனுடைய பெருநாள் முடிந்திருக்கும். அந்த ஒருநாள் இடைவெளியே போதுமானது:

முந்தியே பெருநாளாம் அங்கு
முடிந்திருக்கும் உனக்கெல்லாம் மச்சான்
பிந்தித்தான் எங்களுக்கு, உன்பங்கைப்
பிரித்துவைத்துத் தின்றுவிட்டோம் மச்சான்!

இதில் வரும்படி கேட்கவில்லை, வராமைக்கு வருந்தவுமில்லை. செய்தி ஒன்றே: உன் பங்கை நாங்கள் தின்றுவிட்டோம். குறும்பு 'தின்றுவிட்டோம்' என்பதில் உள்ளது. அன்பு அதற்கு முந்திய சொல்லில் உள்ளது. தின்பதற்காக எவரும் பங்கு பிரித்துவைப்பதில்லை, வருபவனுக்காகவே பிரித்துவைப்பர். வரமாட்டான் என அறிந்தும் பிரித்துவைத்திருக்கிறார்கள் என்பது, தின்ற செய்தியைக் கேட்டுச் சிரித்த பின்னரே அவனுக்கு எட்டும். அவ்வீட்டில் ஒரு கோப்பை கூடுதலாக வைக்கப்பட்டதை அவன் தானாகவே காண்பான். தேனாய் இனிக்கும் உறவு தேயாது நிலைக்கும் என்று மடற்பா கூறியது இதனையே. அங்கே அது உறுதிமொழி. இங்கே அது ஒரு கோப்பைச் சோறு.

நேரில் நின்று 'உன்னைக் காணவேண்டும்' என்று கூற நாணும் ஆடவர் இருவர் ஒருவருக்கொருவர் அதனைக் கூறுவதற்கு வேறு வழி அரிது. அட்டை அவர்களுக்காக அதனை உரத்துக் கூறியது. உரத்துக் கூறியமையாலேயே அது எவர் செவியிலும் தனியாக விழவில்லை. குடையும் பூனையும் பிரித்துவைத்த பங்கும் அதனைத் தாழ்ந்த குரலிற் கூறுகின்றன. மச்சான் குடையோடு வந்து சேர்ந்தால், குடையைப் பற்றி இருவரும் பேசப்போவதில்லை.